எனக்கு ரப்பர் ஆகாது

அப்பாவுக்குக் குலசேகரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர். விடியுமுன் பால் வெட்டி, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து வைப்பார். அரித்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போடும் வேலையில் நானும் அண்ணனும் வளர்ந்தோம். சிரட்டையின் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உருட்டிப் பந்து செய்வதுதான் எங்கள் விளையாட்டு. அந்த வீட்டில் பிறந்த எனக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நான் வேலை செய்வதும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான். பிறருடைய அலர்ஜி ரிப்போர்ட்டுகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறவள் நான். அப்படியிருந்தும் என் உடம்பில் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ள ஒன்றரை வருடம் பிடித்தது.

மகனுக்கு எட்டு மாதமானபோது, அடுத்த குழந்தை கொஞ்சம் தள்ளிப் பிறக்கட்டும் என்று ஆணுறை வாங்க ஆரம்பித்தோம். அதற்கு முன் நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை. முதல் இரண்டு மூன்று தடவை ஒன்றும் தெரியவில்லை. பிறகு, உறவு முடிந்து பத்து நிமிடத்துக்குள் எரிச்சல் தொடங்கும். மிளகாய் அரைத்த கையைத் தெரியாமல் வைத்துவிட்டது போன்ற எரிச்சல். பின்னாலேயே அரிப்பு. அரை மணி நேரத்தில் பிறப்புறுப்பின் வெளி இதழ்கள் வீங்கி, சாய்ந்துகூட உட்கார முடியாது. தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் அடங்கும். மூன்று மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிடும். காலையில் எழுந்து பார்த்தால் லேசான சிவப்பு மட்டும் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது.

அதனால்தான் டாக்டரிடம் காட்டப் போகும்போதெல்லாம் காட்ட எதுவும் இருப்பதில்லை. முதலில் போன இடத்தில் பரிசோதனை எதுவும் செய்யாமல் பூஞ்சைத் தொற்று என்றார்கள். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரு மாத்திரை, ஆறு இரவு உள்ளே வைத்துக்கொள்ள க்ளோட்ரிமசோல், இவருக்கும் ஒரு மாத்திரை. மருந்து முடியும்வரை உறவு வேண்டாம் என்றார்கள். இருந்தோம். ஒரு பிரச்சினையும் இல்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று நானும் நம்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி அதே எரிச்சல். ஏழு மாதத்தில் மூன்று தடவை இப்படி நடந்தது. மருந்து எடுத்த நாட்களில் ஆணுறை என் மேல் படவே இல்லை, அதனால்தான் நன்றாக இருந்தேன் என்பது எனக்கும் தோன்றவில்லை, மருந்து எழுதியவருக்கும் தோன்றவில்லை.

இன்னொருவர், பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உள்ளே வறண்டு போவதால் எரிகிறது என்றார். அது உண்மையில் நடக்கிற விஷயம்தான். ஆனால் வறட்சியால் வரும் எரிச்சல் உறவின்போதே உரசி உரசி வரும், கீறிவிட்டது போல மறுநாளும் வலிக்கும். வெளியே இப்படித் தடித்து வீங்கி, மூன்று மணி நேரத்தில் சுவடில்லாமல் போகாது. மைனியிடம் சொன்னபோது, “உனக்கு உடம்புச் சூடு, ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டு வெறும் வயித்துல குடி” என்றாள். குடித்தேன். இவர்தான் பாவம், தன்னிடமிருந்து ஏதோ எனக்குத் தொற்றிவிட்டதோ என்று சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டே திரிந்தார். ஒரு நாள் இரவு, “என்னாலயா?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதன் பிறகு நாகர்கோவிலில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனோம். அவர்தான் முதல்முறையாக உள்ளிருந்து திரவம் எடுத்து ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னவர். பூஞ்சை இழைகள் இல்லை, பாக்டீரியா மூடிய செல்கள் இல்லை, ட்ரைக்கோமோனாஸ் இல்லை. அமிலத்தன்மையைக் காட்டும் தாளில் 4.2, அதாவது இயல்பு. “தொற்று இல்லம்மா. இனி பூஞ்சை மருந்து போடாதீங்க” என்றார். அடிவயிற்றில் வேறொரு வலியும் இருந்ததால், உள்வழி ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும், அதே மிளகாய் எரிச்சல். அப்புறம் அதே அரிப்பு. நான் எழுந்து நேரே டாக்டர் அறைக்குப் போய்விட்டேன். அவர் உடனே படுக்க வைத்துப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக ஒரு டாக்டர் அந்த வீக்கத்தைக் கண்ணால் பார்த்தார்.

ஸ்கேன் அறை அக்காவைக் கூப்பிட்டு, என்னென்ன பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். “ஜெல் மேடம், அப்புறம் புரோபுக்கு மேல காண்டம் மாட்டுவோம். எல்லாருக்கும் அப்படித்தானே பண்றோம்” என்றார் அந்த அக்கா. நான் பரிசோதனைக் கூடத்துக்காரி, அந்தக் கருவிக்கு உறை போடுவார்கள் என்று தெரியும். அது கடையில் விற்கும் அதே ஆணுறைதான் என்பதை யோசித்ததே இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை சந்தேகம் கழிந்தது என்று பாருங்கள். இவர் அங்கே இல்லை, ஆகவே விந்து இல்லை, இவரிடமிருந்து தொற்று இல்லை. இரண்டு நிமிட ஸ்கேனில் உரசல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மீதி இருந்தது ஜெல், ஆணுறை, அதன் மேல் தடவியிருக்கும் வழுவழுப்புத் திரவம், டாக்டரின் கையுறை. ஜெல்லை, கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் எத்தனை முறை தடவியிருக்கிறார்கள், ஒரு தடிப்பும் வந்ததில்லை.

விந்துக்கே அலர்ஜி உள்ள பெண்களும் உண்டு. அவர்களுக்கும் சில நிமிடங்களிலேயே இதே எரிச்சலும் வீக்கமும் வரும். ஆனால் அவர்களுக்கு ஆணுறை போட்டால் வராது, போடாவிட்டால் வரும். எனக்கு நேர்மாறு. கல்யாணமாகி மகன் பிறக்கும்வரை ஆணுறையில்லாமல் இருந்த காலத்தில் எனக்கு ஒன்றுமே இருந்ததில்லை. இதை எந்த டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆணுறை பற்றிப் பேச எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை மூன்று முறை தேவையில்லாமல் சாப்பிட்ட மருந்து.

டாக்டர் அடுத்து மூன்று கேள்வி கேட்டார். பலூன் ஊதினால் உதடு என்னவாவது செய்யுமா? கையுறை போட்டால் கை அரிக்குமா? ஏதாவது பழம் சாப்பிட்டால் வாயில் அரிப்பு உண்டா?

மகனின் முதல் பிறந்தநாளுக்கு இருபது பலூனாவது ஊதியிருப்பேன். உதடு தடித்துப் போனது. கேக்கில் போட்ட கலர் என்று நினைத்தேன். பரிசோதனைக் கூடத்தில் பவுடர் போட்ட கையுறையை ஆறு வருடமாகப் போடுகிறேன். மணிக்கட்டு அரிக்கும், தும்மல் வரும். சானிடைசர் என்று நினைத்தேன். ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம் சாப்பிட்டால் கொஞ்ச நாளாகத் தொண்டை காறுகிறது. பழம் சரியில்லை என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பழத்துக்கும் ரப்பருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். ரப்பர் பாலில் ரப்பர் மட்டும் இல்லை. பால் விற்கப் போகும்போது அதில் ரப்பர் எவ்வளவு என்று டி.ஆர்.சி. பார்ப்பார்களே, அதில் முப்பது முதல் நாற்பது சதவீதம் வரைதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர், கூடவே ஒன்றிரண்டு சதவீதம் புரதம். அலர்ஜி வருவது ரப்பருக்கு அல்ல, அந்தப் புரதங்களுக்கு. காயம்பட்ட மரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஹெவின் என்ற புரதம் அதில் முக்கியமானது. அதே சாயல் கொண்ட புரதம் வாழைப்பழத்திலும் வெண்ணெய்ப்பழத்திலும் கிவியிலும் உண்டு. ஒன்றுக்கு எதிராக உடம்பு செய்து வைத்த ஆயுதம் மற்றதையும் போய்த் தாக்குகிறது. ஆணுறை தொழிற்சாலையில் ரப்பரைக் கழுவும்போது புரதம் நிறையப் போய்விடும், ஆனால் முழுக்கப் போகாது. ஈரமான, மெல்லிய உள்தோலில் படும்போது மிச்சமிருக்கும் கொஞ்சமே போதும். உள்ளங்கையில் படுவதைவிட அங்கே வேகமாக உள்ளே போகும்.

இதற்கெனத் திருவனந்தபுரத்தில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் முதலில் கடிகாரத்தைத்தான் கேட்டார். எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, எத்தனை மணி நேரத்தில் அடங்குகிறது? நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் அடங்கினால் புரத அலர்ஜி, ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் செய்யும் வேலை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தொடங்கி, தோல் சொறிந்து நீர் கோர்த்து, வாரக்கணக்கில் இழுத்தால் அது வேறு. அது பெரும்பாலும் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுரம், கார்பமேட் போன்ற ரசாயனங்களுக்கு வருவது. மூன்றாவது ஒன்றும் உண்டு. அலர்ஜியே இல்லாமல், விந்தணுவைக் கொல்லும் நொனாக்ஸினால்-9 தடவிய ஆணுறையோ வாசனை சேர்த்ததோ வெறுமனே தோலை எரித்துவிடுவது. நேரத்தை நீட்டிக்கும் என்று விற்கும் ஆணுறைகளில் மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் இருக்கும், அதற்கும் சிலருக்கு அலர்ஜி உண்டு. நாங்கள் வாங்கியது எதுவும் தடவாத சாதா வகை. கம்பெனி மாற்றிப் பார்த்தும் அதே எரிச்சல்தான் வந்திருந்தது.

பிறகு சோதனை. இங்கே என் அனுபவத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

அங்கே போவதற்கு முன் நானே எங்கள் கூடத்தில் மொத்த ஐ.ஜி.ஈ. பார்த்திருந்தேன். கொஞ்சம் அதிகம். டாக்டர் அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டார். மொத்த அளவு தூசிக்கும் ஏறும், குடல் புழுவுக்கும் ஏறும், எதற்கு என்று அது சொல்லாது. லேட்டக்ஸுக்கு, அதாவது ரப்பர் பாலுக்கு எதிரான ஐ.ஜி.ஈ.யைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு ரத்தம் வெளியூர் கூடத்துக்குப் போனது. லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கமான கோடு. எனக்கு 1.9 வந்தது.

நான் உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படியில்லை என்றார் டாக்டர். இந்த எண், உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. மகரந்தத்துக்கோ பழத்துக்கோ உண்டான எதிர்ப்பொருள் இதில் ஒட்டிக்கொண்டு பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அதேபோல உண்மையாகவே அலர்ஜி உள்ள சிலருக்கு ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. கதையும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்து, தோலிலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனை அன்றே நடந்தது, ஆனால் வீணாய்ப் போனது. முன்கையின் உட்புறத்தில் மூன்று சொட்டு. ஒன்று வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. ஒன்று ஹிஸ்டமின், அது யாருக்கும் தடித்தே ஆக வேண்டும். இன்னொன்று லேட்டக்ஸ். சொட்டின் வழியே தோலின் மேல்பரப்பை நுனி ஊசியால் லேசாகக் குத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். லேட்டக்ஸ் இடத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. டாக்டர் லேட்டக்ஸைப் பார்க்கவேயில்லை, ஹிஸ்டமின் இடத்தைத்தான் பார்த்தார். அங்கே ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்கவில்லை. “செட்டிரிசின் எப்ப சாப்பிட்டீங்க?” என்றார். மூன்று நாள் முன்பு, சளிக்கு. அந்த மாத்திரை இன்னும் தோலை அடக்கி வைத்திருக்கிறது, இந்தச் சோதனை செல்லாது, ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை எதுவும் இல்லாமல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஹிஸ்டமின் சொட்டு இல்லாமல் செய்திருந்தால் அன்றைக்கே எனக்கு ரப்பர் அலர்ஜி இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இந்த மாத்திரையால் பாதிப்பில்லை, தோல் சோதனைக்குத்தான்.

பத்து நாள் கழித்துப் போனோம். அவர் லேட்டக்ஸ் கையுறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி உப்புநீரில் ஊறவைத்த நீரைப் பயன்படுத்தினார். வினைல் கையுறைத் துண்டையும் தனியாக ஊறவைத்து ஒரு சொட்டு விட்டார். பதினைந்து நிமிடத்தில் ஹிஸ்டமின் 5 மில்லிமீட்டர், உப்புநீர் பூஜ்யம், வினைல் பூஜ்யம், லேட்டக்ஸ் 7. உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வார்கள். சுற்றிலும் சிவந்து, அந்த ஒரு புள்ளி மட்டும் அரித்தது. கூடவே வந்திருந்த இவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் பேசிய பேச்சு, மாதக்கணக்கில் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசியது.

கையுறைக்குக் கையுறை புரத அளவு மாறும், அதனால் இந்த முறையில் நெகட்டிவ் வந்தாலும் அதையே முடிவாக எடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். அப்போது ஈரமான விரலில் கையுறையின் ஒரு விரலை மட்டும் மாட்டிப் பதினைந்து நிமிடம் பார்ப்பார்களாம், ஒன்றும் இல்லையென்றால் முழுக் கையுறை. எனக்கு அது தேவைப்படவில்லை. தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அவர் குத்திய மேசையில் அட்ரினலின் ஊசி தயாராக இருந்தது. எரிச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தலைசுற்றல் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். திங்கட்கிழமை முதுகில் சிறு சிறு ஒட்டுகளாகத் தையுரம், கார்பமேட், மெர்காப்டோ வகை ரசாயனங்களை ஒட்டி, புதன்கிழமை எடுத்துப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். ஐந்து நாள் முதுகில் தண்ணீர் ஊற்றவில்லை. எல்லாம் நெகட்டிவ். இது எதற்கென்றால், அடுத்து என்ன ஆணுறை வாங்குவது என்பது இதில்தான் இருக்கிறது. பாலிஐசோப்ரீன் ஆணுறை செயற்கையாகச் செய்த ரப்பர். ரப்பர் அதேதான், மரத்தின் புரதம் கிடையாது. புரத அலர்ஜிக்காரர்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனால் அதிலும் பதப்படுத்தும் ரசாயனங்கள் இருக்கலாம், ரசாயன அலர்ஜிக்காரர்கள் அதை வாங்கிவிட்டு மறுபடி சொறிந்துகொண்டு நிற்பார்கள். அவர்கள் பாலியூரித்தேன் வகையை முயல்வது நல்லது. ஆட்டுக் குடல் சவ்வில் செய்வதும் உண்டு. அது கர்ப்பத்தைத் தடுக்கும், எச்.ஐ.வி.யைத் தடுக்காது.

இவர் ஆன்லைனில் பாலிஐசோப்ரீன் வாங்கினார். சாதாவைவிட விலை நிறையக் கூடுதல், பெட்டியில் என்ன ரப்பர் என்று எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மெல்லியது, புள்ளி வைத்தது என்பதெல்லாம் வேறு விஷயம். முதல் நாள் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி. ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காயெண்ணெய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், லேட்டக்ஸானாலும் பாலிஐசோப்ரீனானாலும் எண்ணெய் பட்டால் உறை வலுவிழந்து கிழியும்.

முன்கூட்டியே ஒரு செட்டிரிசின் போட்டுக்கொண்டு பழைய ஆணுறையையே பயன்படுத்தலாமா என்று நான் கேட்டேன். கூடாது என்றார் டாக்டர். மாத்திரை அரிப்பை மறைக்கும், உடம்பின் பகையைக் குறைக்காது, அடுத்த தடவை எவ்வளவு பெரிதாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறுவயதில் தொட்ட ரப்பர் பாலா, ஆறு வருடக் கையுறையா, எது தொடங்கி வைத்தது என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றார். ஆனால் கையுறைப் பவுடர் புரதத்தைச் சுமந்து காற்றில் பரப்பும், மூச்சோடு உள்ளே போகும், என் தும்மலுக்கு அது காரணமாக இருக்கலாம் என்றார். அமெரிக்காவில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளை 2017-ல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் கூடத்தில் கேட்டு நைட்ரைல் கையுறைக்கு மாறினேன். தும்மல் நின்றது. ஏத்தம்பழத்தை விட்டுவிட்டேன், அது மட்டும் எனக்கு வருத்தம்.

ஆஸ்பத்திரி ஃபைலின் முதல் பக்கத்தில் இப்போது சிவப்பு மையில் லேட்டக்ஸ் அலர்ஜி என்று எழுதியிருக்கிறது. பல் பிடுங்கப் போனாலும், சிறுநீர்க் குழாய் போட்டாலும், அடுத்த பிரசவம் ஆனாலும் கையுறையும் குழாயும் மாற வேண்டும். ஆபரேஷன் என்றால், அறையில் லேட்டக்ஸ் எடுப்பதற்கு முன் அன்றைய முதல் ஆளாக என்னை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் மறுபடி உள்வழி ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. கைப்பையில் ஒரு பாலிஐசோப்ரீன் பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். அதே அக்காதான் இருந்தார். என் கையிலிருந்து வாங்கிப் பாக்கெட்டில் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தார். பிறகு நீல நைட்ரைல் கையுறைப் பெட்டியை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துவந்து டாக்டர் பக்கத்தில் வைத்தார். ஸ்கேன் முடிந்ததும் பழைய பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போகணும் என்றார். இருந்தேன். ஒன்றும் வரவில்லை. மதியம் ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.